நாமக்கல்–மும்பை நடை: லாரி உரிமையாளருக்கு மிஞ்சுவதைக் கணக்கிடும் முறை

நாமக்கல்லிலிருந்து பெங்களூரு, ஹூப்ளி, புனே வழியாக மும்பைக்குச் சென்று திரும்பும் பத்துச் சக்கர லாரியை எடுத்துக்கொள்வோம். கீழுள்ள தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்கானவை. அவற்றின் இடத்தில் உங்கள் வண்டியின் தொகைகளை இட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வரவை எழுதுங்கள். போகும் லோடும் திரும்பும் லோடும் சேர்ந்ததே ஒரு நடை. போகும்போது 18 டன்னுக்கு டன் 3,500 ரூபாய் வீதம் 63,000; திரும்பும்போது அதே எடைக்கு டன் 2,800 வீதம் 50,400; ஆக 1,13,400 ரூபாய்.

இரண்டாவது டீசல். ஒரு நடை கிளம்பும்போது டேங்க்கை முழுமையாக நிரப்பி, முடிந்ததும் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இடையிலும் கடைசியிலும் போட்ட மொத்த லிட்டரால் வகுத்தால்தான் உண்மையான மைலேஜ் தெரியும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 2,500 கிலோமீட்டருக்கு 625 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் வீதம் 57,500 ரூபாய். அதே பாதையில் மைலேஜ் திடீரென்று 3.6 ஆகக் குறைந்தால் டயரில் காற்று, பிரேக் பிடிப்பு, அதிக பாரம், டீசல் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள்.

சுங்கக் கட்டணத்தை ஃபாஸ்டேக் அறிக்கையிலிருந்து எடுங்கள். இங்கே 18,000 ரூபாய். டிரைவர் படி 10,000, ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் 6,000. கூலியை யார் தருவது என்பதை லோடு பேசும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது டயர் தேய்மானத்தைத்தான், ஏனெனில் அந்தப் பணம் நடைக்கு நடை கையைவிட்டுப் போவதில்லை. ஒரு புதிய டயர் 22,000 ரூபாய். முன்னால் ஓட்டியபின் பின்னால் மாற்றி, தேய்ந்ததும் 6,000 ரூபாய்க்கு ரீட்ரெட் செய்து, எல்லாம் சேர்த்து 1,20,000 கிலோமீட்டர் ஓடுகிறது எனில், 28,000 ரூபாயை அந்தத் தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 23.3 காசு. பத்து டயருக்கு 2.33 ரூபாய், 2,500 கிலோமீட்டருக்கு 5,825 ரூபாய். இந்தத் தொகையை ஒவ்வொரு நடையிலும் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுவதே நல்லது. வழியில் டயர் வெடித்தால் இந்தச் சராசரி பொருந்தாது.

செலவு மொத்தம் 97,325. மிச்சம் 16,075 ரூபாய். இதை அப்படியே லாபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடன் தவணை, இன்சூரன்ஸ், வரி, பெர்மிட் எல்லாம் சேர்ந்து மாதம் 45,000 ரூபாய் என்றால், வண்டி நின்றாலும் ஓடினாலும் நாளொன்றுக்கு 1,500 ரூபாய் தேவை. நடை 8 நாளில் முடிந்தால் நாளுக்கு ஏறத்தாழ 2,009 ரூபாய் வருகிறது. அந்த 1,500 போக 509 ரூபாய் நிற்கும். மும்பையில் திரும்பும் லோடுக்காக 3 நாள் காத்திருந்து 11 நாள் ஆனால், கூடுதல் படியைச் சேர்க்காமலே நாளுக்கு 1,461 ரூபாயாகக் குறைந்து, கைநட்டம் தொடங்கிவிடும். எனவே டன்னுக்கு நூறு, இருநூறு கூடுதலாகக் கேட்டு வண்டியை நிறுத்தி வைக்கும் முன், அந்தக் காத்திருப்பு நாட்களை 1,500 ரூபாயால் பெருக்கிப் பாருங்கள். 18 டன்னில் டன்னுக்கு 200 ரூபாய் கூடினால் கிடைப்பது 3,600. அதற்காக 3 நாள் நின்றால் போவது 4,500.