தொப்பியின் உச்சி கூம்பாமல் படிய: கண்ணி குறைக்கும் கணக்கு

மார்கழி வாடையில் விடியுமுன்னே மண்டபத்திலிருந்து நாட்டுப் படகில் கடலுக்குப் போகும் அண்ணனுக்காக ஒரு அக்ரிலிக் தொப்பி பின்னினேன். காது வரைக்கும் அருமையாக வந்தது. உச்சிதான் தேங்காய்க் குடுமி மாதிரி கூராக நின்றது. பிரித்துப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது: ஒன்று விட்டு ஒரு சுற்றில் 6 கண்ணி (ஸ்டிச்) மட்டும் குறைத்திருந்தேன். அது போதாது.

சாதாரணப் பின்னலில் ஒரு கண்ணியின் அகலம் அதன் உயரத்தைவிட அதிகம். 4.5 மி.மீ. ஊசியில் என் கைக்கு 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணியும், 10 செ.மீ. உயரத்தில் 28 சுற்றும் வருகின்றன. 96 கண்ணி போட்டால் தொப்பியின் சுற்றளவு 48 செ.மீ. அதே சுற்றளவுள்ள ஒரு தட்டின் நடுவிலிருந்து விளிம்பு வரை சுமார் 7.6 செ.மீ. அதாவது ஏறக்குறைய 21 சுற்றுக்குள் உச்சி முடிந்துவிட வேண்டும். 6 கண்ணிக் கணக்கில் 30 சுற்று ஆகிவிடும்; அந்த மிச்ச உயரம்தான் குடுமியாக எழும்புகிறது.

ஆகவே 8 பாகமாகப் பிரியுங்கள். 12 கண்ணிக்கு ஒரு முறை வேறு நிற நூலை வளையமாக முடிந்து ஊசியில் மாட்டிக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு பாகத்திலும் 10 கண்ணி பின்னி, வளையத்துக்கு முன்னால் உள்ள கடைசி இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். சுற்று முடிவில் 88 இருக்கும். அடுத்த சுற்றில் எதையும் குறைக்காதீர்கள். அப்புறம் 9 பின்னி இரண்டைச் சேர்த்தால் 80. மறுபடியும் ஒரு சாதாரணச் சுற்று. இப்படியே 16 வரை இறங்குங்கள். வட்ட ஊசியில் கண்ணிகள் இழுபட ஆரம்பித்ததும் இருமுனை ஊசிகளுக்கு மாற்றிவிடுங்கள். 16 ஆனதும் ஒரு சாதாரணச் சுற்று போட்டு, எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 8 மிஞ்சும். மொத்தம் 21 சுற்று, சரியாக வந்துவிட்டது.

குறைக்கும் சுற்று ஒவ்வொன்றும் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள், அலுப்புப் படாதீர்கள். ஒரு பாகத்தில் குறைக்க மறந்தாலும் உச்சி ஒரு பக்கமாகக் கோணும். அந்தச் சுற்றிலேயே கண்டுபிடித்தால் ஒரு சுற்றைப் பிரித்தால் போதும். சாதாரணச் சுற்றுகளை விட்டுவிட்டால் வேறு கோளாறு வரும்: குறைப்பு வேகமாகி, உச்சியைச் சுற்றி மடிப்பு மடிப்பாகச் சுருங்கும்.

உங்கள் கையின் இறுக்கம் வேறாக இருக்கலாம். தொப்பியின் சுற்றளவை 6.28-ஆல் வகுத்து, அந்த உயரத்துக்கு உங்களுக்கு எத்தனை சுற்று வருகிறது என்று ஒரு துண்டு பின்னி அளந்துகொள்ளுங்கள். 21-க்கு ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் இதே கணக்கு பொருந்தும்.

கடைசியில் நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, 8 கண்ணிக்குள்ளும் இரண்டு முறை ஓட்டி இழுத்து, உட்பக்கம் முடியுங்கள். பிறகு நனைத்துப் பிழிந்து, ஒரு தட்டின் மேல் விரித்து நிழலில் காயவையுங்கள். அக்ரிலிக் நூல் என்பதால் இஸ்திரிப் பெட்டியை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். சூடு பட்டால் நூல் துவண்டு பின்னலின் பிடிப்பே போய்விடும்.