தண்ணீராகிப் போன குருமாவையும் சூப்பையும் கெட்டியாக்குவது எப்படி?

குக்கரில் காய்கறி குருமா வைப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. மூடியைத் திறந்தால் காயெல்லாம் அடியில், மேலே இரண்டு விரற்கடைக்குத் தண்ணீர். திறந்த பாத்திரத்தில் சமைக்கும் அளவுக்கே தண்ணீர் ஊற்றியிருப்போம். குக்கரில் அது ஆவியாகிப் போவதில்லை, போதாததற்குக் காயும் தண்ணீர் விடும். இந்தக் குருமாவையே எடுத்துக்கொள்வோம். சூப், சாம்பார், பனீர் கிரேவிக்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கையில் கார்ன்ஃப்ளார் இருக்கிறதே என்று குருமாவில் கரைத்து ஊற்றாதீர்கள். கெட்டியாகும்தான், ஆனால் பளபளவென்று கூழ் மாதிரி ஆகி மசாலா வாசனையையும் அமுக்கிவிடும். குருமாவுக்குத் தேங்காயும் பொட்டுக்கடலையும்தான்.

படி 1: தண்ணீரைக் குறையுங்கள்

குருமாவை அடி கனமான, அகலமான வாணலிக்கு மாற்றுங்கள். குக்கரிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் வற்றுவதற்கு நேரம் பிடிக்கும், அதற்குள் காய் குழைந்துவிடும். காய் ஏற்கெனவே நன்றாக வெந்திருந்தால் அதை அரிகரண்டியால் தனியே எடுத்துவிட்டு, குழம்பை மட்டும் ஐந்து நிமிடம் நல்ல தீயில் கொதிக்கவிடுங்கள். உருளைக்கிழங்கு போட்டிருந்தால் மூன்று நான்கு துண்டுகளைக் கரண்டியால் மசித்து அதிலேயே சேருங்கள். சில நாள் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

படி 2: அரைப்பது

நான்கு பேருக்கான குருமாவுக்கு அரை கப் தேங்காய்த் துருவல், ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, அரை டீஸ்பூன் சோம்பு போதும். மிக்ஸியின் பெரிய ஜார் வேண்டாம். இவ்வளவு கொஞ்சம் போட்டால் விழுது சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிளேடு வெறுமனே சுற்றும். சட்னி ஜார்தான் சரி. முதலில் பொட்டுக்கடலையையும் சோம்பையும் தண்ணீர் விடாமல் பொடியாக்குங்கள். அப்புறம் தேங்காய் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரையுங்கள். விரலிடுக்கில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் வெண்ணெய் போல வழுக்க வேண்டும். நறநறவென்றால் இன்னொரு சுற்று விடுங்கள்.

ஜாரைக் கழுவி ஊற்றும் தண்ணீரையும் கணக்கில் வையுங்கள். ஒரு டம்ளர் ஊற்றி அலசினால், வற்ற வைத்த தண்ணீர் முழுக்கத் திரும்ப வந்துவிடும். கால் டம்ளருக்கு மேல் வேண்டாம்.

படி 3: சேர்ப்பது

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த இடம் இதுதான். தேங்காய் நிறையப் போட்டும், தட்டில் ஊற்றியதும் மசாலா ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். காரணம், தேங்காயில் மாவுச்சத்து மிகக் குறைவு. அதன் நாரும் எண்ணெயும் குழம்பைத் திப்பியாக, கனமாகக் காட்டுமே தவிர, தண்ணீரைப் பிடித்து வைக்காது. பிடித்து வைப்பது பொட்டுக்கடலையில் உள்ள மாவுச்சத்து. அதனால்தான் இரண்டையும் சேர்த்து அரைக்கிறோம். இன்னும் ஒரு மூடித் தேங்காய் அரைத்து ஊற்றினாலும் பிரியும் தண்ணீர் பிரியத்தான் செய்யும். ஒரு டீஸ்பூன் பொட்டுக்கடலைப் பொடி கூடுதலாகச் சேர்த்தால் நிற்கும்.

தீயைக் குறைத்து விழுதை ஊற்றிக் கிளறுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் ஓரத்தில் நுரை கட்டி வரும். அப்போது நிறுத்திவிடுங்கள். தளதளவென்று நெடுநேரம் கொதித்தால் தேங்காயின் எண்ணெய் பிரிந்து, விழுது திரிதிரியாகிவிடும்.

இப்போது ஒரு கரண்டி குழம்பைத் தட்டில் ஊற்றி லேசாகச் சாய்த்துப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து மெதுவாக நகர்ந்தால் சரி. தெளிந்த தண்ணீர் மட்டும் முன்னால் ஓடினால், பொட்டுக்கடலைப் பொடியை ஆறின தண்ணீரில் கரைத்துச் சேர்த்து இரண்டு நிமிடம் வையுங்கள். வாணலியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சூட்டில் எல்லாக் குழம்பும் நீர்த்துத்தான் தெரியும், அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் விட்டால் இன்னும் இறுகும்.

சூப்புக்குக் கார்ன்ஃப்ளார்

நான்கு கப் சூப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவு, அதைக் கரைக்கக் கால் கப் பச்சைத்தண்ணீர். வெந்நீர் கூடாது. சூடு பட்டால் மாவின் வெளிப்பக்கம் உடனே வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே உலர்ந்த மாவு அப்படியே கட்டியாக நிற்கும். கரைத்து வைத்தது ஒரு நிமிடத்தில் அடியில் படிந்துவிடும் என்பதால், ஊற்றும் முன் மறுபடியும் கலக்குங்கள். இதற்கு டம்ளரும் ஸ்பூனும் போதும், விஸ்க் தேவையே இல்லை.

சூப் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கையால் கிளறியபடி மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். உடனே கெட்டியாகவில்லையே என்று இன்னும் மாவு கரைக்காதீர்கள். திரும்பக் கொதி வந்து ஒரு நிமிடம் ஆன பிறகுதான் முழுப் பலமும் தெரியும். பால் போலிருந்த வெண்மை மறைந்து சூப் பளபளத்தால் மாவு வெந்துவிட்டது என்று அர்த்தம். எலுமிச்சைச் சாறு, வினிகர் எல்லாம் அடுப்பை அணைத்த பிறகு. புளிப்போடு சேர்ந்து கொதித்தால் மாவின் பிடிப்பு தளரும். ருசி பார்த்த ஸ்பூனையும் திரும்பச் சூப்பில் விடாதீர்கள். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்து நீர்க்கச் செய்துவிடும்.

சாம்பாருக்கும் பனீர் கிரேவிக்கும்

டிபன் சாம்பாருக்குக் கடலை மாவு நன்றாக இருக்கும். ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன். வெறும் வாணலியில் சிறுதீயில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டுப் பச்சைத்தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். ஐந்தாறு நிமிடமாவது கொதிக்க வேண்டும், இல்லையென்றால் பச்சை வாசனை நிற்கும். பொங்கி வரும், பக்கத்திலேயே இருங்கள்.

பனீர் கிரேவிக்கு முந்திரிதான் என் தேர்வு. இரண்டு கப் கிரேவிக்குப் பத்துப் பன்னிரண்டு முந்திரியை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து நைசாக அரையுங்கள். முழு முந்திரி வேண்டாம், உடைசலே போதும், அரைத்தால் ஒன்றுதான். சேர்த்ததும் அடிபிடிக்கும், சிறுதீயில் அடிவரை கிளறிக்கொண்டே இருங்கள். ஆறினால் நிறைய இறுகும் என்பதால், வேண்டிய பதத்துக்குச் சற்று முன்பே இறக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை

கருத்துப் பகுதியில் ஒருவர், கார்ன்ஃப்ளார் போட்டும் சூப் கெட்டியாகாமல் மணல்மணலாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அவர் வாங்கியது மஞ்சள் நிற மக்காச்சோள மாவு, ரொட்டி செய்வது. நமக்கு வேண்டியது வெள்ளை வெளேரென்று, விரலால் அழுத்தினால் கிறுக்கென்று சத்தம் போடும் மாவு. இன்னொருவர் கஸ்டர்ட் பவுடர் போடலாமா என்று கேட்டிருந்தார். அதில் இருப்பதும் பெரும்பாலும் கார்ன்ஃப்ளார்தான், ஆனால் வெனிலா வாசனையும் நிறமும் சேர்ந்திருக்கும். சூப்புக்கு வேண்டாம்.

பொட்டுக்கடலை கிடைக்காத ஊரில் இருப்பவர்கள், வறுத்த கடலை மாவு ஒரு டீஸ்பூனைத் தேங்காயோடு சேர்த்து அரைக்கலாம்.

மறுநாளைக்கு எடுத்துவைப்பது பற்றியும் பலர் கேட்டார்கள். கார்ன்ஃப்ளார் சூப் ஃப்ரிட்ஜில் இருந்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். சூடாக்கும்போது அரை டீஸ்பூன் மாவு புதிதாகக் கரைத்து ஊற்றுங்கள். குருமா நேர்மாறாக இறுகிக்கிடக்கும், வெந்நீர் விட்டுத் தளர்த்துங்கள். வெயில் காலத்தில் தேங்காய் அரைத்து ஊற்றியது சீக்கிரம் ஊசிப்போகும். அதனால் மறுநாளுக்கு வேண்டியதைத் தேங்காய் சேர்க்கும் முன்பே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, அன்றைக்கு அரைத்துச் சேருங்கள்.