லயத்து வழக்கை எழுதிய விதம்

பரீட்சையின் நெறிமுறைத் தாளில் என் விடைகள் ‘நேர்மை, கருணை’ என்று குணப்பட்டியலாகவே முடிந்தன. மண்சரிவு எச்சரிக்கை வந்த ஒரு லயத்தை, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, வைத்து அதைச் சரிசெய்தேன். கேள்வி இதுதான்: நீங்கள் கிராம சேவகர். குடும்பங்கள் வெளியேற மறுக்கின்றன.

முதலில் சம்பந்தப்பட்டவர்களையும் ஒவ்வொருவரும் இழக்கப்போவதையும் எழுதினேன். கொழுந்து பறிப்பவருக்கு நாட்சம்பளம், நிர்வாகத்துக்கு வேலையாட்கள், பிள்ளைகளுக்கு உயிர். அப்புறம் சிக்கல் ஒரே வரியில்: உயிர்ப் பாதுகாப்பா, மக்களின் சம்மதமா? இருபுறமும் நியாயம் இல்லையென்றால் அது சிக்கலே இல்லை.

பிறகு வழிகள்: பலவந்தம், விட்டுவிடுதல், இரவில் மட்டும் பாடசாலையில் தங்கவைத்தல். மூன்றாவது நல்ல சமரசம் போலத் தெரியும். ஆனால் 2014இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தது காலையில். ஆகவே முடிவு: இன்றே எல்லோரும் வெளியே, சம்பளத்துக்கு நிர்வாகத்திடம் எழுத்தில் உறுதி, வீட்டுச் சாமானுக்குக் காவல். சம்மதம் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தங்கியிருக்கிறது.