ஸ்லைடில் இருப்பதையே கேப்ஷனிலும் எழுதாமல் இருப்பது எப்படி? ஒரு நெத்திலிக் கருவாட்டுப் பதிவை வைத்து

மண்டபத்தில் என் மதினி கருவாடு காயப்போட்டு விற்கிறார். அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நான். நல்ல நெத்திலிக் கருவாட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஐந்து ஸ்லைடுகளில் ஒரு பதிவு போட்டேன். ஸ்லைடுகள் நன்றாக வந்திருந்தன. கீழே கேப்ஷனில் அந்த ஐந்து ஸ்லைடுகளில் இருந்ததையே வரிசையாக எழுதி, முன்னால் ஒரு வணக்கமும் பின்னால் ஹேஷ்டேக்குகளும் சேர்த்தேன்.

கமெண்டில் வந்த கேள்விகள் எல்லாம் வேறு மாதிரி இருந்தன. ஏன் மஞ்சளாகிறது? மழைக்காலத்தில் வாங்கலாமா? உப்புப் போட்டதா? மூன்றுக்கும் மதினிக்குப் பதில் தெரியும். கேப்ஷனில் இடமும் இருந்தது. அந்த இடத்தில் நான் ஸ்லைடை மறுபடி ஒப்பித்திருந்தேன். அதைத் திருத்தி எழுதிய முறைதான் இது. ஸ்லைடு செய்வது எப்படி என்பதற்குள் நான் போகவில்லை. அது கையில் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஸ்லைடு எழுத்தை ஒரே இடத்தில் கொட்டுங்கள்

ஸ்லைடுகளில் உள்ள எல்லா வரிகளையும் ஒரு குறிப்பில் தட்டச்சு செய்யுங்கள். நான் கூகுள் கீப் பயன்படுத்துகிறேன். இன்ஸ்டாகிராமின் கேப்ஷன் பெட்டிக்குள் நேராக எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே ஸ்லைடையும் கேப்ஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. கை தவறிப் பின்னால் போனால் எழுதியதும் போய்விடலாம்.

என் குறிப்பு இப்படி இருந்தது:

1. நல்ல நெத்திலிக் கருவாடு: வாங்கும் முன் 4 சோதனைகள்
2. நிறம் வெள்ளியாக மின்ன வேண்டும். மஞ்சள் பூத்திருந்தால் வேண்டாம்.
3. ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும்.
4. வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். மணல் விழக்கூடாது.
5. வயிறு உடைந்திருக்கக்கூடாது.

படி 2: கேப்ஷனை எடுத்து, ஸ்லைடில் உள்ளதை அடியுங்கள்

பழைய கேப்ஷனை இதன் கீழே ஒட்டி, ஸ்லைடில் ஏற்கெனவே இருக்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் அடித்துக்கொண்டே வாருங்கள். எனக்கு மிஞ்சியது வணக்கமும் ஹேஷ்டேக்கும்தான்.

நான் இடறி விழுந்தது இங்கேதான். அடித்த வரிகளுக்குப் பதிலாக அதையே வேறு சொற்களில் எழுத ஆரம்பித்தேன். "வெள்ளியாக மின்ன வேண்டும்" என்பது "பளபளப்பு குறையாமல் இருப்பதே தரத்தின் அடையாளம்" என்று மாறியது. சொல் ஒன்றுகூட ஒட்டவில்லை, அதனால் அடிக்கவும் இல்லை. ஆனால் கடைக்குப் போகிறவருக்கு இந்த இரண்டு வரிகளுக்கும் வித்தியாசமே கிடையாது. இரண்டையும் படித்துவிட்டு ஒரே காரியத்தைத்தான் செய்வார். மூன்று நாள் இப்படியே எழுதி எழுதிப் பார்த்தேன். நீளம் கூடியதே தவிர, விஷயம் கூடவில்லை.

அதனால் அடிக்கும்போது சொல்லைப் பார்க்காதீர்கள், பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஸ்லைடை மட்டும் பார்த்தவர் செய்வதற்கும், இந்த வரியையும் படித்தவர் செய்வதற்கும் ஏதாவது மாறுமா? மாறாது என்றால் அடித்துவிடுங்கள். எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

படி 3: விஷயம் தெரிந்தவரைப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள்

புதிய விஷயம் எழுத்தைத் திருகுவதால் வராது என்று புரிந்த பிறகு, போனில் ஸ்லைடுகளைத் திறந்து மதினி கையில் கொடுத்தேன். "வாங்க வந்தவங்ககிட்ட சொல்ற மாதிரி ஒவ்வொண்ணா சொல்லுங்க மதினி" என்று சொல்லிவிட்டு, என் போனில் குரலைப் பதிவு செய்தேன்.

அவர் ஸ்லைடைப் படிக்கவே இல்லை. தட்டிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்தார். பெருவிரலால் வயிற்றை லேசாகத் தடவி, "இங்கதான் தம்பி முதல்ல பாக்கணும். வயிறு உடைஞ்சிருந்தா, பிடிச்சு ரொம்ப நேரம் கிடந்த மீனு. அப்புறம் எவ்வளவு வெயில்ல போட்டாலும் சரியாவாது" என்றார். நான் கடைசி ஸ்லைடில் வைத்திருந்ததை அவர் முதலில் பார்க்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மஞ்சள் பூப்பதைப் பற்றிக் கேட்டேன். மீனில் உள்ள கொழுப்பு காற்றுப்பட்டுக் காறிப்போவதால் அந்த நிறம் வருகிறது, அதைக் குழம்பில் போட்டால் காறல் வாடை போகாது என்றார். முறித்துப் பார்க்கும் ஸ்லைடு வந்ததும் தலையை ஆட்டினார். "இது எப்பவும் சரியா வராது. கார்த்திகையில நல்ல கருவாடும் வளையத்தான் செய்யும். ஈரக்காத்து. வீட்டுல ஒரு மத்தியான வெயில் காட்டுனா முறியும்."

குரலைக் கேட்டு எழுதியபோது, அவர் சொன்னதெல்லாம் மூன்று வகைக்குள் வந்தது: ஏன் அப்படி ஆகிறது, எப்போது அது பொருந்தாது, எதை முதலில் பார்க்க வேண்டும். இந்த மூன்றுமே ஸ்லைடில் அடங்காதவை. ஸ்லைடில் ஒரு படமும் ஒரு வரியும்தான் நிற்கும். காரணத்தையும் விலக்கையும் அதில் திணித்தால் எழுத்து பொடியாகி, போனில் யாரும் படிக்க முடியாது. அவற்றுக்கு உரிய இடம் கேப்ஷன்.

நீங்களே விஷயம் தெரிந்தவர் என்றால், தெரியாத ஒருவரிடம் ஸ்லைடைக் காட்டிப் பேசுங்கள், உங்கள் குரலையே பதிவு செய்யுங்கள். எழுத உட்கார்ந்தால் ஸ்லைடு வாசகம் கண் முன்னால் நின்று கையைப் பிடித்து இழுக்கும். பேசும்போது அப்படி நடப்பதில்லை.

படி 4: எல்லாவற்றையும் போடாதீர்கள்

குரல் பதிவில் பத்து விஷயங்களாவது இருந்தன. நான் மூன்றை எடுத்தேன். மணலைப் பற்றி அவர் சொன்னதை விட்டுவிட்டேன். தாளில் தட்டினால் மணல் விழும் என்பது படத்திலேயே முழுதாகப் புரிகிறது. எல்லா ஸ்லைடுக்கும் கேப்ஷனில் ஒரு வரி வேண்டும் என்ற கணக்கு தேவையில்லை. அந்தக் கணக்கு வைத்தால் பழையபடி ஒப்பிக்கத்தான் போவீர்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கேப்ஷனில் "3வது படம்" என்று எண் போட்டுவிட்டு, பிறகு ஸ்லைடு வரிசையை மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும். "முறிக்கிற படம்" என்று பொருளைச் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

படி 5: முதல் வரி

கேப்ஷன் முழுதாகத் தெரியாது. சுமார் 125 எழுத்துக்குறிகளுக்குப் பிறகு மடங்கிவிடும், தட்டினால்தான் விரியும். தமிழில் இதை விரல் விட்டு எண்ணினால் ஏமாந்துபோவோம். "கருவாடு" நமக்கு நான்கு எழுத்து. ஆனால் உகரக்குறி, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுவதால் யூனிகோடில் அது ஏழு. மொத்த வரம்பான 2,200ம் இதனால் தமிழில் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதல் விஷயத்தை ஏழெட்டுச் சொற்களுக்குள் முடிப்பது நல்லது.

முதல் ஸ்லைடின் தலைப்பை இந்த இடத்தில் வைக்காதீர்கள். அதற்கு நேர் மேலேதானே அது பெரிய எழுத்தில் இருக்கிறது? ஸ்லைடில் இல்லாத ஒன்று இங்கே வர வேண்டும். கடைசியில் என் கேப்ஷன் இப்படி வந்தது:

> மதினி முதலில் பார்ப்பது நிறத்தை இல்லை, வயிற்றை.
>
> வயிறு உடைந்த நெத்திலி, பிடித்து வெகுநேரம் கிடந்த பிறகு காயப்போட்டது. வெயில் அதைக் காயவைக்கும், கெட்டதை நல்லதாக்காது. அதனால் கடைசிப் படத்தில் உள்ளதைக் கடையில் முதல் வேலையாகச் செய்யுங்கள்.
>
> மஞ்சள் நிறம் கொழுப்பு காறியதால் வருவது. கழுவினாலும் ஊறவைத்தாலும் அந்த வாடை போகாது.
>
> முறிக்கிற படத்துக்கு ஒரு விலக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்றால் நல்ல கருவாடும் வளையும். மற்ற மூன்றும் சரியாக இருந்தால் வாங்கி, ஒரு மத்தியானம் வெயிலில் போடுங்கள்.
>
> எங்கள் நெத்திலி உப்புப் போடாதது. இந்த வார விலை கடைசி வரியில்.

படி 2-இன் கேள்வியை ஒவ்வொரு வரிக்கும் மறுபடி கேட்டேன். முதல் பத்தி கடையில் பார்க்கும் வரிசையையே மாற்றுகிறது. இரண்டாவது, கழுவிச் சமைத்துவிடலாம் என்று நினைப்பவரைத் தடுக்கிறது. மூன்றாவது, மழைக்காலத்தில் நல்ல சரக்கைத் திருப்பிக் கொடுக்காமல் காக்கிறது.

விலையைக் கேப்ஷனில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பதிவு போட்ட பிறகும் கேப்ஷனைத் திருத்தலாம், படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திருத்த முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் வரத்து குறைந்து விலை ஏறும். மாறக்கூடிய எதையும் ஸ்லைடில் எழுதாதீர்கள்.

பிறகு சேர்த்தது 1

பார்வையற்ற வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய போன் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும், ஆனால் படத்துக்குள் உள்ள எழுத்தை அதனால் சரியாக வாசிக்க முடிவதில்லை. நான் ஒப்பித்த பழைய கேப்ஷன்தான் அவருக்குப் பயன்பட்டிருக்கிறது. இதை நான் யோசித்திருக்கவே இல்லை, அவருக்கு நன்றி. இதற்காகக் கேப்ஷனில் மறுபடி எழுத வேண்டாம். பதிவு போடும்போது கூடுதல் அமைப்புகளுக்குள் `Write alt text` என்று ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனிப் பெட்டி உண்டு. ஸ்லைடின் வாசகத்தையும், படத்தில் என்ன தெரிகிறது என்பதையும் அதில் எழுதுங்கள். படி 1-இல் தட்டச்சு செய்த குறிப்பு இங்கே அப்படியே உதவும்.

பிறகு சேர்த்தது 2

பரமக்குடியிலிருந்து ஒரு அக்கா சொன்னது. யாரோ முறிக்கிற ஸ்லைடை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட, அதைப் பார்த்த அவருடைய உறவினர் ஒருவர் கார்த்திகையில் நல்ல கருவாட்டை வளைகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஸ்க்ரீன்ஷாட்டோடு கேப்ஷன் போகாது. விலக்கு தெரியாவிட்டால் ஸ்லைடு தவறாகவே வழிகாட்டும் என்றால், அந்த விலக்கு ஸ்லைடிலும் இருந்தாக வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் திரும்பச் சொல்வதை நான் ஏற்கிறேன். பழைய பதிவை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். முறிக்கிற ஸ்லைடின் அடியில் இப்போது "மழைக்காலத்தில் இது பொருந்தாது" என்று சின்னதாக ஒரு வரி இருக்கிறது. ஈரக்காற்றும் மத்தியான வெயிலும் கேப்ஷனிலேயே இருக்கின்றன.