மருந்துக்கு டாக்டர் கடிதம்: பினாங்கிலிருந்து மெல்பர்ன் வரை

வெளிநாட்டுப் பயணத்துக்கு டாக்டரிடம் கடிதம் கேட்டால், பெரும்பாலான கிளினிக்குகளில் கிடைப்பது மூன்று வரி: இவர் எங்கள் நோயாளி, நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர், மருந்து எடுத்துச் செல்கிறார். சுங்க அதிகாரிக்கு இது உதவாது. பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு அதில் இருக்கும் ஒவ்வொரு மருந்தும் கடிதத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

உதாரணத்துக்கு, பட்டர்வொர்த்தில் இருக்கும் 64 வயது அம்மா ஒருவர் மகளைப் பார்க்க 60 நாள் மெல்பர்ன் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் நீரிழிவுக்குக் கலவை இன்சுலினும் குளுக்கோஃபேஜ் எக்ஸ்ஆரும், இரத்த அழுத்தத்துக்கு எக்ஸ்ஃபோர்ஜ், மூட்டு வலிக்கு அல்ட்ராசெட், ஆஸ்துமாவுக்கு வென்டொலின் பம்ப்.

படி 1: கடிதத்துக்கு முன் பெட்டி

டாக்டரிடம் போகும்போது மருந்துகளையே கொண்டு போங்கள். நம் தனியார் கிளினிக்குகளில் மருந்தை அங்கேயே, சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்கள். பையின் மேல் ‘காலை 1, இரவு 1’ என்று கையால் எழுதியிருக்கும். அட்டையைக் கத்தரித்துத் தந்திருந்தால் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்ட துண்டோடு போயிருக்கும். பயணத்துக்கு என்று சொல்லி, வெட்டாத அட்டையும் மூலப் பெட்டியும் கேட்டு வாங்குங்கள். கிளினிக்கில் இல்லையென்றால் மருந்துச் சீட்டு எழுதித் தரச் சொல்லி ஃபார்மசியில் வாங்கலாம். திங்கள், செவ்வாய் என்று பிரித்த மாத்திரை டப்பா வீட்டுக்கு நல்லது, விமானத்துக்கு வேண்டாம். காலியாகக் கொண்டு போய் அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 2: பெயர் மாற்றம்

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஒரே ஊரிலேயே மாறும்: அரசு கிளினிக்கில் இன்சுஜென் 30/70 வாங்குபவர், தீர்ந்துபோனால் வெளியே மிக்ஸ்டார்ட் 30 வாங்குவார். கடிதத்தில் ‘மிக்ஸ்டார்ட்’ என்று மட்டும் இருந்து, பையில் இன்சுஜென் இருந்தால் அதிகாரி என்ன நினைப்பார்? உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், அதாவது பொதுப்பெயர், இரண்டுக்கும் ஒன்றுதான்: மனித இன்சுலின், 30 சதவீதம் கரையும் வகை, 70 சதவீதம் ஐசோஃபேன், மில்லி லிட்டருக்கு 100 யூனிட். இப்படி எழுதினால் எந்தப் பெட்டிக்கும் பொருந்தும்.

பொதுப்பெயர் பெட்டியிலேயே, வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். பெட்டி இல்லையென்றால் மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏவின் இணையத் தேடலில் மருந்தின் பெயரையோ ‘MAL’ என்று தொடங்கும் பதிவு எண்ணையோ போட்டுப் பார்க்கலாம். கூகுளில் தேடுவதைவிட இது மேல். வேறு நாட்டில் அதே பெயரில் வேறு மருந்து விற்கலாம். இங்கே நம் நாட்டுப் பதிவு மட்டுமே வரும்.

கூட்டு மருந்தில் கவனம். எக்ஸ்ஃபோர்ஜ் ஒரே மாத்திரை, ஆனால் உள்ளே அம்லோடிபின் 5 மி.கி., வால்சார்டான் 160 மி.கி. என்று இரண்டு. அல்ட்ராசெட்டில் டிரமடால் 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. ஒரே மாத்திரைக்குள் இருக்கும் இரண்டு மருந்தையும் ஒரே வரியில் கூட்டல் குறி போட்டு எழுத வேண்டும். தனித்தனி வரியாக எழுதினால் இரண்டு பெட்டி தேடுவார்கள். ‘வலி மாத்திரை’ என்று மூடி எழுதுவது அதைவிட மோசம். அதிகாரி முதலில் தேடுவது அபின் வகை வலி மருந்தான டிரமடால் போன்ற பெயரைத்தான்.

பொதுப்பெயருக்குப் பக்கத்தில் வணிகப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பொதுப்பெயரும் சில இடங்களில் வேறுபடும்: அமெரிக்காவில் பாராசிட்டமால் ‘அசிட்டமினோஃபென்’, வென்டொலினில் உள்ள சால்பியூட்டமால் ‘ஆல்பியூட்டரால்’. மெல்பர்னுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

படி 3: அளவு

ஆஸ்திரேலியாவில் பயணி தன் சொந்த உபயோகத்துக்கு அதிகபட்சம் மூன்று மாத மருந்து கொண்டு போகலாம், சீட்டோ கடிதமோ இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு வரியிலும் வீரியம், ஒரு நாள் அளவு, கொண்டு போகும் மொத்தம் மூன்றும் தேவை.

மாத்திரைக்குக் கணக்கு எளிது. இன்சுலினில்தான் தப்பு வரும். நம் அம்மா காலை 20, இரவு 14, ஆக 34 யூனிட் போடுகிறார். ஒவ்வொரு முறையும் ஊசி சரியாக வருகிறதா என்று பார்க்க 2 யூனிட் வெளியே தள்ள வேண்டும். அது நாளுக்கு 4. மொத்தம் 38, 60 நாளுக்கு 2,280. ஒரு 3 மி.லி. குப்பியில் 300 யூனிட், எனவே 8 குப்பி. பெட்டிக்கு 5 என்பதால் இரண்டு பெட்டி, 10 குப்பி. அது 78 நாளுக்கு வரும், மூன்று மாதத்துக்குள்தான். கடிதத்தில் ‘10 குப்பி’ என்று எழுதுங்கள். ‘8’ என்று எழுதிவிட்டுப் பத்து கொண்டு போகக் கூடாது. பேனா ஊசிக்கும் ஒரு வரி வேண்டும்.

படி 4: கடிதத்தின் தலையும் காலும்

ஆங்கிலத்தில், கிளினிக் முகவரித் தாளில், தட்டச்சு செய்தது. பெயர் கடப்பிதழில் உள்ளபடியே, ‘ஏ/பி’, ‘ஏ/எல்’ உட்பட. கிளினிக் பதிவில் பாதிப் பெயர்தான் இருக்கும், அதை அப்படியே இறக்கிவிடுவார்கள். ஐசி எண்ணும் தானாக வந்து விழும். வெளிநாட்டில் அதைச் சரிபார்க்க யாருமில்லை, கடப்பிதழ் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுத வேண்டும். 4/7 என்றால் ஏப்ரலா ஜூலையா? கீழே டாக்டரின் கையெழுத்து, முத்திரை, எம்எம்சி என்ற மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவு எண், +60 போட்ட தொலைபேசி எண்.

படி 5: விமான நிலையத்தில்

இன்சுலின் கைப்பையில்தான். சரக்கு அறையில் உறைந்துபோனால் திரும்ப உருகினாலும் வேலை செய்யாது. ஸ்கேனரில் பையைப் போடுவதற்கு முன்பே ஊசியும் இன்சுலினும் இருப்பதாகச் சொல்லிக் கடிதத்தைக் காட்டுங்கள்.

மெல்பர்னில் இறங்கும்முன் நிரப்பும் அட்டையின் முதல் கேள்வியில் மருந்துகளும் ஆயுதங்களும் போதைப்பொருளும் ஒரே வரியில் இருக்கும். போதைப்பொருள் என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து ‘இல்லை’ என்று குறிப்பவர்கள் நிறைய. ‘ஆம்’ என்று குறியுங்கள். ஆம் சொல்லிக் கடிதம் காட்டினால் கேள்வி இரண்டோடு முடியும். இல்லை என்று சொல்லிப் பையில் டிரமடால் கிடைத்தால் அது பொய் அறிவிப்பு.

பின்சேர்க்கை 1: ‘இதே கடிதத்தோடு துபாய் போகலாமா?’ என்று கேட்டிருந்தார்கள். போகக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் டிரமடாலும், நரம்பு வலிக்குத் தரும் பிரிகபலினும் கட்டுப்பாட்டு மருந்துகள். அந்த நாட்டு அரசிடம் இணையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு இந்தக் கடிதம் ஓர் இணைப்பு, அவ்வளவுதான். ஜப்பானுக்குப் போகிறவர்கள் மூக்கடைப்புக்கு வாங்கும் கிளாரினேஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறது, 10 சதவீதத்துக்கு மேல் அது இருக்கும் மருந்தை முன் அனுமதி இல்லாமல் அங்கே விட மாட்டார்கள். டாக்டர் கடிதம் அதை மாற்றாது.

பின்சேர்க்கை 2: சூரணம், இலேகியம், காய்ந்த மூலிகை எதையும் டாக்டர் தன் கடிதத்தில் சேர்க்க மாட்டார், சேர்க்கச் சொல்லவும் வேண்டாம். ஆஸ்திரேலிய அட்டையில் தாவரப் பொருள்களோடு பாரம்பரிய மருந்துக்கும் தனிக் கேள்வி உண்டு. அங்கும் ‘ஆம்’ குறித்து, லேபிளோடு மூடிய பாக்கெட்டாகக் காட்ட வேண்டும். வீட்டில் இடித்து ஹார்லிக்ஸ் போத்தலில் அடைத்த பொடி என்றால் குப்பைத் தொட்டிக்குப் போகத் தயாராக இருங்கள்.