கல்லூரிப் பணமும் முதுமைப் பணமும்: இடம் மாறிப்போகும் சேமிப்பு

காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் ஒன்று, 2026 ஜூன் மாதத்தில் தங்கள் சேமிப்புக் கணக்குகள் அனைத்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தது. கணவருக்கு 44 வயது. மகள் பதினொன்றாம் வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். பையில் செல்வமகள் சேமிப்புத் திட்டப் பாஸ்புக், 3 லட்சம் ரூபாய்க்கான வங்கி வைப்புச் சான்று, பங்குச்சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் 3 லட்சம் ரூபாய் இருப்பதைக் காட்டும் அறிக்கை ஆகிய மூன்றும் இருந்தன. ஃபண்டுப் பணம் மகளின் கல்லூரிப் படிப்புக்கு என்றும், வங்கிப் பணம் தங்கள் முதுமைக்கு என்றும் அவர்கள் சொன்னார்கள். இந்த வட்டாரத்தில் நான் மிகுதியாகக் காணும் தவறு இதுதான். சேமிப்பில் அவர்கள் குறை வைக்கவில்லை. ஆனால் விரைவில் தேவைப்படும் பணம் ஏறி இறங்கும் இடத்திலும், பல ஆண்டுகள் காத்திருக்கக்கூடிய பணம் அசையாத இடத்திலும் இருந்தன.

கல்லூரிப் பணத்தை ஃபண்டில் வைத்ததற்கு அவர்கள் கூறிய காரணம், அது கடந்த சில ஆண்டுகளில் நன்றாக வளர்ந்தது என்பது. வளர்ச்சி உண்மைதான். ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு தேதி உண்டு, சந்தை அந்தத் தேதிக்காகக் காத்திருப்பதில்லை. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,100 புள்ளிகள் அளவுக்கு இறங்கியது. மீண்டும் 21,000 புள்ளிகளைத் தொடுவதற்கு 2010 நவம்பர் ஆனது. சந்தையோடு ஒட்டி நகரும் ஒரு ஃபண்டில் அப்போது 3 லட்சம் வைத்திருந்தவரின் கையில், சரிவின் அடியில் ஏறக்குறைய 1.15 லட்சம்தான் நின்றிருக்கும். 2009 ஜூனில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவர் சந்தை மீளும் வரை பொறுத்திருக்க முடியாமல், பெரும் நஷ்டத்தில் விற்றிருப்பார். அதே ஃபண்டை 2030க்காக வைத்திருந்தவருக்கோ அந்தச் சரிவால் எந்த இழப்பும் நேர்ந்திராது, ஏனெனில் அவர் விற்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச்சந்தையில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மறுபக்கத் தவறு கண்ணுக்குத் தெரியாதது என்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இந்தக் குடும்பம் வங்கி வைப்பின் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் செலவு செய்துவந்தது. முதல் அப்படியே இருக்கிறது என்பதில் அவர்களுக்கு நிம்மதி. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால், இன்று 1 லட்சத்துக்குக் கிடைக்கும் பொருள்களை வாங்க 20 ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய 2.65 லட்சம் தேவைப்படும். வட்டியை எடுத்துவிட்ட 3 லட்சம் அப்போதும் 3 லட்சமாகத்தான் இருக்கும், ஆனால் இன்றைய கணக்கில் அது 1.13 லட்சத்தின் வேலையைத்தான் செய்யும். சான்றில் அச்சாகியிருக்கும் எண் மாறாமல் இருப்பதால் இந்தத் தேய்மானம் தெரிவதே இல்லை.

அடுத்து செல்வமகள் பாஸ்புக்கை எடுத்தோம். மகள் 21 வயதை எட்டியதும் பணம் முழுவதும் வந்துவிடும் என்று தந்தை நம்பியிருந்தார். பல வீடுகளிலும் இதே எண்ணம்தான் இருக்கிறது. 21 ஆண்டுகள் என்பது கணக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவது. பெண்ணின் வயது அல்ல. அவர்கள் கணக்கு தொடங்கியது 2019 ஜூனில், மகளுக்கு 9 வயதாக இருந்தபோது. ஆகவே அது முதிர்வது 2040 ஜூனில். அப்போது அவளுக்கு 30 வயது ஆகியிருக்கும். இடையில் 18 வயது நிறைந்தாலோ, பத்தாம் வகுப்பு தேறினாலோ, முந்தைய நிதியாண்டின் இறுதியில் இருந்த இருப்பில் பாதி வரை, கல்லூரி கேட்கும் கட்டணத்துக்கு மிகாமல், மேற்படிப்புக்காக எடுக்கலாம். பாதுகாப்பான திட்டம் என்பதும், வேண்டிய நாளில் கைக்கு வரும் திட்டம் என்பதும் வெவ்வேறு என்பதை அந்தப் பாஸ்புக்கின் முதல் பக்கத் தேதியைக் காட்டித்தான் விளக்க முடிந்தது. தேசிய சேமிப்புப் பத்திரமும் இப்படித்தான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதைச் சாதாரணமாக உடைக்க இயலாது. இரண்டு ஆண்டில் தேவைப்படும் பணத்தை அதில் போட்டவர் பிறகு நகையை அடகு வைக்க நேர்கிறது.

கல்லூரிப் படிப்பை ஒரே இலக்காக நினைப்பதிலும் ஒரு பிழை இருக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்புக்கு நான்கு தேதிகள் உண்டு: 2028, 2029, 2030, 2031 ஆகிய ஆண்டுகளின் ஜூன் மாதங்கள். ஆண்டுக்கு 1.2 லட்சம் என்று வைத்துக்கொண்டோம். செல்வமகள் கணக்கில் 2028 மார்ச் இறுதியில் 2.5 லட்சம் அளவில் இருக்கும் என்று மதிப்பிட்டோம். அதில் பாதி, முதலாண்டுக் கட்டணத்துக்குச் சரியாக வரும். எஞ்சிய மூன்று ஆண்டுகளுக்கு வேண்டியது 3.6 லட்சம்.

இங்குதான் அவர்கள் எதிர்பாராத ஒரு வழி கிடைத்தது. ஃபண்டை விற்று வங்கிக்கும், வங்கிப் பணத்தை ஃபண்டுக்கும் மாற்ற வேண்டும் என்றே அவர்கள் நினைத்து வந்திருந்தார்கள். இரண்டிலும் இருந்தது ஒரே தொகை என்பதால், எதையும் விற்காமல் பெயரை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது: வங்கி வைப்பு இனி கல்லூரிப் பணம், ஃபண்டு இனி முதுமைப் பணம். விற்பதால் வரும் வரியும் இல்லை. வங்கி வைப்பு முதிர்வது 2029 டிசம்பரில் என்பதால் அதை மட்டும் முன்கூட்டியே முடித்து, 2029, 2030, 2031 மே மாதங்களில் முதிரும்படி ஒவ்வொரு லட்சமாக மூன்றாகப் பிரித்துப் போட்டார்கள். முன்கூட்டியே முடித்தால், பணம் இருந்த காலத்துக்கு உரிய வட்டியிலிருந்து பொதுவாக அரை முதல் ஒரு சதவீதம் குறைத்துத்தான் வங்கிகள் தருகின்றன; நகையை அடகு வைப்பதோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. இனி வட்டியை எடுக்காமல் முதலோடு சேர்த்துவிட்டால், 6.5 சதவீதத்தில் மூன்று ஆண்டுகளில் 1 லட்சம் ஏறக்குறைய 1.21 லட்சமாகும். அடுத்த இரண்டு வைப்புகள் இன்னும் சற்று வளர்வதால், கட்டணம் ஓரளவு உயர்ந்தாலும் தாங்கும்.

ஒன்று மட்டும் மீதி இருந்தது. தோப்புக் குத்தகைப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலையில் வருகிறது. மா ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஏமாற்றும் மரம். ஆகவே எந்தப் புதிய முதலீட்டுக்கும் முன், ஓராண்டு வீட்டுச் செலவை நினைத்த நாளில் எடுக்கக்கூடிய சாதாரண வங்கிக் கணக்கில் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். காய்ப்பு குறைந்த ஆண்டில் ஃபண்டை விற்க நேர்ந்தால், முதுமைப் பணம் மீண்டும் குறுகிய காலப் பணமாகிவிடும்.

ஃபண்டும் என்றென்றும் நீண்ட காலப் பணமாக இராது. அவருக்கு 60 வயதாவது 2042இல். 2037 தொடங்கி ஒவ்வொரு ஜூலையிலும் ஃபண்டின் ஒரு பகுதியை வங்கி வைப்புக்கு மாற்றிக்கொண்டே வர வேண்டும். இல்லையெனில் 2008இல் நேர்ந்ததைப் போன்ற ஒரு சரிவு 2041இல் வந்தால் காத்திருக்க அவருக்கு நேரம் இருக்காது. மனைவி ஒரு பேனாவைக் கேட்டு வாங்கி, ஃபண்டு அறிக்கையின் மேல் “2037 ஜூலை, கொஞ்சம் எடுக்க” என்றும், மூன்று வைப்புச் சான்றுகளின் மேல் அந்தந்த மே மாதத்தையும் எழுதி, செல்வமகள் பாஸ்புக்கின் அட்டையில் “2040” என்று பெரிதாகக் குறித்துக்கொண்டார்.