பழைய பாக்குவெட்டி, அஞ்சறைப்பெட்டி எந்தக் காலத்துதுன்னு பாக்குறது எப்படி (நான் ஏமாந்த கதையோட)

போன ஆடி மாசம் திருநெல்வேலி டவுண் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில கிளிமூக்கு பாக்குவெட்டி ஒன்னு வாங்குனேன். பித்தளைப் புடி, இரும்பு வெட்டு, "எரநூறு வருஷத்து ஜமீன் சாமான் அண்ணாச்சி"ன்னு சொல்லி 3,800 ரூவா வாங்கிட்டாங்க. வீட்டுக்குக் கொண்டாந்து ஆச்சி கையில குடுத்தேன். ஆச்சி ரெண்டு தடவ தொறந்து மூடிப் பாத்துட்டு, "இதுல யாருல பாக்கு வெட்டுனா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான், முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஆச்சியோட பாக்குவெட்டியையும் அஞ்சறைப்பெட்டியையும் பக்கத்துல வச்சு ஒரு மாசம் நோண்டுனதுல கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதுறேன்.

மொதல்ல: கழுவாதீங்க

புளி போட்டுத் தேய்க்கணும்னு கை துறுதுறுன்னு வரும், தேய்க்காதீங்க. நமக்கு வேண்டிய சாட்சியே அந்த அழுக்குதான். காஞ்ச பருத்தித் துணியால தூசியத் தட்டுனா போதும். நகைக்கடைக்காரங்க கண்ணுல வைக்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்னு, ஒரு காந்தம், போன் டார்ச், இது மூணும் வச்சுக்கோங்க. ஆசிட் விட்டுப் பாக்குற கிட் எல்லாம் வாங்காதீங்க, சாமான்ல கறை விழுந்ததுதான் எனக்கு மிச்சம். டார்ச்ச நேரா மேல இருந்து அடிக்காம பக்கவாட்டுல படுக்க வச்சு அடிங்க, அப்பதான் தேஞ்ச மேடும் பள்ளமும் தெரியும்.

ஸ்டெப் 1: பார்ட் பார்ட்டா பிரிச்சு யோசிங்க

இத யாரும் எனக்குச் சொல்லல. பாக்குவெட்டின்னா ஒரே வயசு சாமான்னு நெனச்சிட்டு இருந்தேன். புடி ஒரு காலம், இரும்பு நாக்கு ஒரு காலம், நடு ஆணி இன்னொரு காலமா இருக்கும், ஏன்னா ஆணி லூசானா கொல்லப்பட்டறையில குடுத்து மாத்திருவாங்க, வெட்டு தேஞ்சு போனா அதயும் மாத்துவாங்க. அதனால ஒவ்வொன்னுக்கும் தனித்தனியா வயசு போடுங்க. நடு ஆணி புதுசா இருக்குங்கறதுக்காக சாமானே புதுசுன்னு தள்ளிராதீங்க. அதுக்குப் பதிலா, மாத்தவே முடியாத பாகம் எதுன்னு பாருங்க, பாக்குவெட்டியில அது புடி, பெட்டியில அது அடித்தகடு.

ஸ்டெப் 2: உலோகம்

காந்தம் பித்தளையில ஒட்டக் கூடாது. ஒட்டுச்சுன்னா உள்ள இரும்பு, மேல முலாம். ஒட்டலன்னாலும் உடனே சந்தோஷப்படாதீங்க, மறைவான எடத்துல லேசா கீறிப் பாருங்க, உள்ள சாம்பல் கலர் வந்தா அது துத்தநாகக் கலவையில அச்சு வார்த்தது, கையில தூக்குனாலும் பித்தளை கனம் இருக்காது.

இரும்புல துரு ஏறுன எடத்த லென்ஸ்ல பாருங்க. பழைய காலத்து அடிச்ச இரும்புல கசடு நீளவாக்குல இழை இழையா இருக்கும், துரு பிடிச்சா பனங்கட்டைய அறுத்தா தெரியுமே, அந்த மாதிரி நார் நாரா வரும். இப்ப வர்ற உருக்குல துரு புள்ளி புள்ளியா, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். ஆனா கொல்லங்க பழைய வண்டிச் சக்கரத்துப் பட்டாவையும் வெட்டி அடிப்பாங்க, அதனால நார் தெரிஞ்சா பழைய இரும்புன்னு மட்டும் சொல்லலாம், சாமான் பழசுன்னு சொல்ல முடியாது.

ஸ்டெப் 3: தேய்மானம் (நான் விழுந்த எடம்)

நான் வாங்குனதுல கிளியோட கொண்டை, கழுத்து எல்லாம் நல்லா தேஞ்சு வழவழன்னு இருந்துச்சு. அதப் பாத்துதான் நம்பிட்டேன்.

ஆச்சி பாக்குவெட்டிய லென்ஸ்ல பாத்தா புரிஞ்சுது. கொட்டப்பாக்கு கல்லு மாதிரி இருக்கும், அத வெட்டணும்னா ஆணிக்குக் கிட்ட வச்சு அழுத்துனாதான் பலம் விழும். அதனால வருஷக்கணக்கா வெட்டுன பாக்குவெட்டியில வெட்டு ஓரம் நேரா இருக்காது, ஆணிக்குப் பக்கத்துல உள்வாங்கி லேசா குழிஞ்சிருக்கும், நுனிப் பக்கம் அவ்வளவா தேயாது. ஆணி ஓட்டையும் ஒரே பக்கமா இழுபட்டு நீள்வட்டமா ஆயிருக்கும், ஆட்டுனா லொட லொடன்னு ஆடும். என் கிளிமூக்குல ஓட்டை வட்டமா, வெட்டு ஓரம் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா. அதத்தான் ஆச்சி கைய வச்ச உடனே கண்டுபிடிச்சிட்டா.

சரி, அப்ப கொண்டை எப்படித் தேஞ்சுது? அங்கதான் நான் ஒரு வாரம் மண்டைய ஒடச்சேன். தேஞ்ச எடத்துலயே டார்ச்ச படுக்க வச்சு பாத்தா, வழவழப்புக்கு நடுவுல மணல் மணலா பொடிப் பொடிப் பள்ளம். நெஜமா கைபட்டுத் தேஞ்சிருந்தா அந்த மணல் தோல்தான மொதல்ல போயிருக்கணும்? யாரோ ஒரு நெஜப் பழைய பாக்குவெட்டியில அச்சு எடுத்து வார்த்திருக்காங்க, அதோட தேய்மானத்தையும் சேத்தே வார்த்திருக்காங்க! பித்தளை ஆறும்போது சுருங்கும், அதனால வார்த்த நகல் ஒரிஜினல விட ஒரு சுத்து சின்னதா வரும். ஜோடி கெடச்சா அளந்து பாருங்க, ஒரு ஜாண் நீளத்துக்கு மூணு நாலு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும்.

இன்னொன்னு, கைபடாத எடத்துல தேஞ்சிருந்தா சந்தேகப்படுங்க. உள்ளங்கை அமுங்குற வெளிப்பக்கமும் புடியோட குமிழும்தான் வழவழக்கணும். ரெண்டு புடிக்கும் இடையில உள்பக்கம் கை போகாது, அங்க அரம் போட்ட கீறல் அப்படியே கூர்மையா இருக்கும். எல்லாப் பக்கமும் சமமா தேஞ்சிருந்தா அது உப்புத்தாளோட வேலை.

ஸ்டெப் 4: அலங்காரம்

கிளி இருந்தா இந்தக் காலம், மயில் இருந்தா அந்தக் காலம்னு சொல்றவங்கள நம்பாதீங்க, கிளியும் மயிலும் எல்லாக் காலத்துலயும் போட்டிருக்காங்க. உருவத்த விட்டுட்டு கோட்டப் பாருங்க. உளியால வெட்டுன கோடு ஒரு பக்கம் ஆழமா, இன்னொரு பக்கம் மெலிஞ்சு முடியும், ஓரம் கூர்மையா நிக்கும். அச்சுல வந்த கோடு ஆரம்பமும் முடிவும் ஒரே மாதிரி, ஓரம் சோப்புக்கட்டியில விரல் வச்ச மாதிரி உருண்டிருக்கும். கிளி இறக்கைக்கு நடுவுல பாருங்க, அங்க தேயாது, அதனால கோட்டோட உண்மை அங்கதான் தெரியும்.

ஸ்டெப் 5: அஞ்சறைப்பெட்டி

மரப்பெட்டிய இன்னொரு நாள் பாப்போம், இது பித்தளை. ஆச்சி வச்சிருந்தது சதுரப் பெட்டி, மூடி கீல்ல தொறக்கும், உள்ள ஏழு கிண்ணம். அடியப் பாருங்க மொதல்ல. தரையில இழுத்து இழுத்து நாலு மூலையும் தகடு மெலிஞ்சிருக்கும், கீறல் எல்லாத் திசையிலயும் குறுக்கும் நெடுக்குமா ஓடும். கீறல் எல்லாம் ஒரே திசையில ஓடுனா யாரோ தேய்ச்சது. ஓரத்துல தகடு சேர்ற எடத்துல பல்லுப் பல்லா வெட்டிக் கோத்துப் பத்த வச்சிருந்தா பழைய கை வேலை. கொப்புளம் கொப்புளமா நேர்க்கோட்டுல ஓடுற கேஸ் வெல்டிங் இருந்தா, அது இருபதாம் நூற்றாண்டுலயோ அதுக்கப்புறமோ செஞ்சது இல்லன்னா ரிப்பேர் பண்ணது.

எங்க பெட்டியில கிண்ணத்துல அஞ்சு பித்தளை, ரெண்டு அலுமினியம். அலுமினியப் பாத்திரம் நம்ம பக்கம் வந்தது 1898க்கு அப்புறம், மெட்ராஸ் ஆர்ட்ஸ் ஸ்கூல்ல சாட்டர்ட்டன்ங்கிற இங்கிலீஷ்கார இன்ஜினியர் ஆரம்பிச்சு வச்சது. அதனால அந்த ரெண்டு கிண்ணம் அதுக்கு முன்னாடி இருக்க வாய்ப்பே இல்ல, ஆனா பெட்டி எப்பன்னு அது சொல்லாது. கீல்ல உள்ள கம்பி வேற, சைக்கிள் ஸ்போக்கு. (தாத்தா வேலையா இருக்கும்.)

இப்ப எழுத்துக்கு வாங்க. மூடிக்கு உள்பக்கம் புள்ளி புள்ளியா குத்தி "விபவ ௵ தை ௴"ன்னு இருந்துச்சு, பக்கத்துல "௲௱௪". அந்தக் கடைசி மூணையும் நான் சூ, ள, சன்னு படிச்சிட்டு, யாரோட இனிஷியல்டா இதுன்னு நாலு நாள் சொந்தக்காரங்க லிஸ்ட்ட போட்டுக் கொழம்புனேன். அது தமிழ் எண்ணு! ௲ ஆயிரம், ௱ நூறு, ௪ நாலு, ஆக 1104. ௵ வருஷத்துக்கு, ௴ மாசத்துக்கு குறி.

சரி, 1104னா என்ன? கேரளத்துப் பக்கத்து வருஷக் கணக்கான கொல்லம் ஆண்டு. ஆச்சியோட அம்மா ஊரு செங்கோட்டை, அது மொதல்ல திருவிதாங்கூர்லயும், 1949ல இருந்து 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலயும் இருந்துச்சு, நம்ம திருநெல்வேலிப் பக்கமும் கொல்லம் கணக்கு பழக்கம்தான். இங்கிலீஷ் வருஷம் தெரியணும்னா, ஆவணியில இருந்து மார்கழி வரைக்கும் 824 கூட்டணும், தையில இருந்து ஆடி வரைக்கும்னா 825. இது தை, அதனால 1104 + 825 = 1929 ஜனவரி வாக்குல. செக் பண்ண விபவங்கிற வருஷப் பேர் இருக்கு, அது அறுபது வருஷத்துக்கு ஒருக்க வரும், 1868, 1928, 1988ன்னு சித்திரையில ஆரம்பிக்கும். 1928 சித்திரையில ஆரம்பிச்ச விபவயோட தை, 1929 ஜனவரி. ரெண்டும் ஒத்துப்போச்சு. விபவ மட்டும் இருந்திருந்தா 1869ஆன்னு சண்டை வந்திருக்கும்.

ஆனா இது எழுத்து வெட்டுன தேதி. பெட்டி செஞ்ச தேதின்னு சொல்லணும்னா லென்ஸ்ல கீறலப் பாருங்க. கீறல் எழுத்து மேல ஏறி ஓடுனா எழுத்து முன்னாடி, கீறல் பின்னாடி. எழுத்துப் புள்ளி கீறல வெட்டிட்டுப் போனா எழுத்து பின்னாடி வந்தது. எங்களுதுல கிட்டத்தட்ட எல்லாக் கீறலும் எழுத்து மேலதான் ஓடுது. எழுத்துக்கு அடியில பழைய கீறல் இல்ல, அதனால புதுப் பெட்டியா வாங்கி கல்யாணச் சீருக்கு எழுதிக் குடுத்ததுன்னு ஆச்சி சொல்றது சரிதான்.

அப்டேட்: தென்காசியில இருந்து ஒருத்தர் கேட்டிருந்தார், பாத்திரத்துல வெட்டுன பேர்ல "லை", "ணை" எழுத்து கொம்பு வளைஞ்ச பழைய மாதிரி இருக்கு, எப்பன்னு சொல்ல முடியுமான்னு. 1978ல அரசாணை போட்டு எழுத்து மாத்துனாங்க, அதனால பழைய கொம்புன்னா பெரும்பாலும் அதுக்கு முன்னாடி. பழகுன கை அதுக்கப்புறமும் அப்படியே வெட்டியிருக்கும், அதனால அத அஞ்சு பத்து வருஷம் இழுத்து வச்சுக்கோங்க. புது எழுத்து இருந்தா பெரும்பாலும் 1978க்குப் பின்னாடின்னு சொல்லலாம், அதுவும் எழுத்துக்குத்தான், பாத்திரத்துக்கு இல்ல.

அப்டேட் 2: விக்க நெனக்கிறவங்க ரெண்டு பேரு மெயில் போட்டிருக்கீங்க. நூறு வருஷம் தாண்டின உலோக வேலைப்பாடு 1972 சட்டப்படி தொல்பொருள் கணக்குல வரும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. எங்க அஞ்சறைப்பெட்டிக்கு 2029 தையில நூறு ஆகுது. ஆச்சி இன்னும் அதுலதான் கடுகு எடுக்கா.